அப்பாரு படமும் ஐந்து படச்சட்டங்களும்: மூட்டில் வெட்டாமல் ஓரம் வைத்த அனுபவம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டித் தடப்பள்ளி வாய்க்கால் போகிறது. போன தை மாதம் அந்த வாய்க்கால் மேட்டில் வைத்துத் தாத்தாவை, எங்கள் வழக்கில் அப்பாருவை, ஒரு படம் எடுத்தேன். காலை எட்டு மணி வெயில், முழு உருவம், செங்குத்துப் படம். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் உருமால். வலது கை சும்மா தொங்குகிறது, இடது கை தடியைப் பிடித்திருக்கிறது. முகம் லேசாக வாய்க்கால் பக்கம் திரும்பியிருக்கிறது. அவர் இயல்பாக நிற்பது அப்படித்தான். அதனால் படம் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப் போனது.

ஆளாளுக்கு ஒரு பிரதி கேட்டார்கள். பெரியப்பா வீட்டு வாசல் சுவருக்கு 12-க்கு 18 அங்குலம். பெருந்துறையில் இருக்கும் சித்தப்பாவுக்கு 8-க்கு 10. கோவையில் இருக்கும் அக்காவுக்கு அவள் வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் சதுரச் சட்டங்களோடு சேர்கிற மாதிரி 8-க்கு 8. திருப்பூர் அத்தையிடம் ஒரு பழைய மரச்சட்டம் இருக்கிறது, நடுவில் முட்டை வடிவத்தில் திறப்பு. அதற்குள் அப்பாருதான் வரவேண்டும் என்றார். மாமாவுக்கு ஈரோட்டு மஞ்சள் மண்டி மேசையில் வைக்கப் படுக்கை வாக்கில் 7-க்கு 5. ஒரே படம், ஐந்து வடிவம்.

12-க்கு 18 எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்துவிட்டது. கேமராவின் படம் 4000-க்கு 6000 பிக்சல், அதாவது இரண்டுக்கு மூன்று. 12-க்கு 18-ம் அதே விகிதம்தான். எதையும் வெட்ட வேண்டியதில்லை. காலுக்குக் கீழே மண் கொஞ்சம் தெரிகிறது, தலைக்கு மேலே வானம் தெரிகிறது. பெரியப்பா அன்றைக்கே மாட்டிவிட்டார்.

அதே படக்கோப்பை அப்படியே பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பி, "8-க்கு 10 ஒண்ணு" என்று சொன்னதில்தான் பிழை வந்தது. பிரிண்ட் வந்தது, சட்டமும் போட்டாயிற்று. ஆத்தா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அப்பாருக்குப் பாதம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

பார்த்தால் உண்மையிலேயே பாதம் இல்லை. கணுக்காலோடு படம் முடிந்துவிட்டது. இரண்டு கால்களும் சட்டத்தின் அடிவிளிம்பில் நட்டு வைத்த கம்பு மாதிரி நின்றன. மற்றதெல்லாம் அதே படம்தான், ஆனால் அப்பாருவுக்கு ஏதோ ஆகிவிட்டது போல ஒரு உறுத்தல். அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

என்ன நடந்தது என்று அன்று ராத்திரியே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 8-க்கு 10 என்பது நாலுக்கு ஐந்து விகிதம். என் படம் அதைவிட ஒல்லியாக, உயரமாக இருக்கிறது. தாள் முழுக்க நிரம்ப வேண்டுமென்றால் உயரத்தில் 1000 பிக்சல் போயாக வேண்டும். லேபில் எதுவும் சொல்லாமல் கொடுத்தால் இயந்திரம் நடுவை வைத்துக்கொண்டு மேலே பாதி, கீழே பாதி என்று கழித்துவிடும். கீழே கழிந்த 500 பிக்சலில் செருப்பின் அடிப்பாகம் போனது. அது மட்டுமென்றால்கூடப் பாதம் ஓரளவு தெரிந்திருக்கும். மீதியைத் தின்றது சட்டம். சட்டத்தின் உள்விளிம்பு கண்ணாடியைப் பிடித்து நிறுத்த நாலு பக்கமும் கால் அங்குலம் படத்தின் மேல் ஏறி உட்காருகிறது. அந்தக் கால் அங்குலம் சரியாகக் கணுக்காலில் வந்து நின்றுவிட்டது.

கணுக்காலில் வெட்டினால் ஏன் அப்படி உறுத்துகிறது? பாதி தொடையில் முடிகிற படத்தைப் பார்த்து யாரும் "கால் எங்கே" என்று கேட்பதில்லையே. நான் புரிந்துகொண்டது இது. தொடை, கெண்டைக்கால், மேல்கை இவற்றின் நடுவில் ஓரம் விழுந்தால், அந்த உறுப்பின் இரண்டு பக்கக் கோடுகளும் விளிம்பைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. கண் அதைத் தானாகவே நீட்டிப் பார்த்துக்கொள்கிறது. மூட்டு அப்படியல்ல. அங்கே கோடு வளைகிறது, ஒடுங்குகிறது, ஒரு உறுப்பு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. அந்த முடிவில் கொண்டுபோய் ஓரத்தை வைத்தால் உறுப்பே அங்கே முடிந்தது போலத் தெரியும். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம். விரல் நுனிகள் மூட்டு இல்லை. ஆனால் பாதி விரலும் இதே தொல்லையைத்தான் கொடுக்கும்.

அடுத்த நாள் வேலையை முறையாகத் தொடங்கினேன். திரையில் இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் படத்தை சாதா ஏ4 தாளில் 16-க்கு 24 சென்டிமீட்டராக ஒரு பிரிண்ட் எடுத்தேன். அந்த அளவை வேண்டுமென்றே வைத்தேன்: ஒரு சென்டிமீட்டர் சரியாக 250 பிக்சல் ஆகிறது. தாளில் ஸ்கேல் வைத்து அளந்ததை அப்படியே கணினிக்குக் கொண்டுபோகலாம்.

அந்தத் தாளில் சிவப்புப் பேனாவால் மூட்டு வருகிற இடத்திலெல்லாம் குறுக்காக ஒரு கோடு. தாளின் மேல் விளிம்பிலிருந்து அளந்தால் உருமாலின் உச்சி 2.8 செ.மீ., அக்குள் 8, முழங்கை 10.6, மணிக்கட்டு 13.3, தொங்கும் கையின் விரல் நுனி 15.3, முழங்கால் 17.3, கணுக்கால் 21.4, செருப்பின் அடி 22.4.

கோடுகள் போட்ட பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கையைத் தொங்கவிட்டு நிற்கிற ஆளுக்கு மூட்டுகள் ஜோடி சேர்ந்து வருகின்றன. முழங்கை இருக்கும் உயரத்திலேயே இடுப்பின் ஒடுக்கம் இருக்கிறது. மணிக்கட்டு இருக்கும் உயரத்தில் தொடை தொடங்கும் மூட்டு இருக்கிறது. விரல் நுனி தொடையின் பாதிக்கு வந்துவிடுகிறது. அதனால் "இடுப்பு வரைக்கும்" என்று நினைத்து ஒரு கோடு போட்டால் நாம் அறியாமலே இரண்டு முழங்கைகளையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். ஸ்டுடியோவில் 'ஆஃப் சைஸ்' என்று கேட்டு வாங்கும் பல படங்களில் ஆள் விறைப்பாகத் தெரிவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சிவப்புக் கோடுகளுக்கு நடுவே ஓரம் வைக்கத் தகுந்த இடங்களைப் பச்சையில் நிழலடித்தேன். அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு பட்டை. விரல் நுனிக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு பட்டை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே கெண்டைக்காலில் ஒன்று. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இன்னொன்றும் உண்டு, ஆனால் இந்தப் படத்தில் அதற்கு ஒரு தடை இருந்தது. அதைச் சதுரத்தில் சொல்கிறேன்.

பழைய காலண்டர் அட்டையில் ட வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டிக்கொண்டேன். இரண்டையும் எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்து நகர்த்தினால் எந்த அளவுக்கும் ஒரு ஜன்னல் கிடைக்கும். பச்சைப் பட்டையில் அடிவிளிம்பை வைத்துவிட்டு, மேல்விளிம்பையும் பக்கங்களையும் விகிதத்துக்கு ஏற்ப நகர்த்த வேண்டியதுதான். வரிசை முக்கியம்: முதலில் அடி, அப்புறம் தலைக்கு மேல் இடம், கடைசியில் அகலம். அகலத்தில் தொடங்கினால் அடிவிளிம்பு எங்கே விழுமோ அங்கே விழும்.

முதலில் சித்தப்பாவின் 8-க்கு 10. முழு உருவத்தையும் இந்த விகிதத்துக்குள் அடைப்பது முடியாத காரியம் அல்ல. ஆனால் தலையும் காலும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கும், சட்டம் போட்டால் தலையோ பாதமோ கொஞ்சம் மறையும். தொடை நடுவில் முடிப்பது நல்லது என்று முடிவு செய்தேன். சினிமாக்காரர்கள் இதை அமெரிக்கன் ஷாட் என்பார்கள், இடுப்பில் துப்பாக்கி மாட்டிய கவ்பாய் படங்களில் அதிகம் வந்த அளவு. அப்பாருவுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. தொங்கும் கை முழுதாக வரும், தடி பிடித்த கையும் முழுதாக வரும். தடி கீழே வெட்டுப்படுகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. தடிக்கு மூட்டு கிடையாது.

விரல் நுனி 15.3-இல் இருக்கிறது, அடிவிளிம்பை 15.6-இல் வைத்தேன். மேல்விளிம்பு 1.2. தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு கோபியில் சட்டம் போடும் கடைக்குப் போனேன். சட்டத்துக்குள் வைத்ததும் கடைக்காரர், "ஏனுங்க தம்பி, நகம் ஒளிஞ்சுக்குதுங்களே" என்றார். மறுபடியும் அதே கால் அங்குலம். கணக்கில் அதைக் கழிக்காமல் விட்டிருந்தேன். பத்து அங்குலத்தில் கால் அங்குலம் என்றால் உயரத்தில் நாற்பதில் ஒரு பங்கு. என் 14.4 செ.மீ. ஜன்னலில் அது 0.36. கண்ணுக்குத் தெரியும் அடிவிளிம்பு 15.24-க்கு ஏறி, விரல் நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சட்டத்துக்கு அடியில் போய்விட்டது. முழு விரலும் போயிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. நகம் மட்டும் இல்லாத விரல் பார்க்கிறவர் கண்ணை அங்கேயே இழுத்து நிறுத்துகிறது.

அன்றிலிருந்து எந்தச் சட்டத்துக்கும் முதலில் அதன் உள்விளிம்பு எவ்வளவு மூடுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுகிறேன். பின்பக்கம் தாள் உட்காரும் பள்ளத்தின் அளவையும் முன்பக்கம் தெரியும் திறப்பின் அளவையும் எடுத்தால் போதும், வித்தியாசத்தில் பாதி ஒரு பக்கத்துக்கு. படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைத்தால் அதன் திறப்புதான் உண்மையான அளவு. விளிம்பில்லாமல் அச்சடிக்கும் லேப் இயந்திரங்களும் ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும், அதற்கும் கொஞ்சம் விட வேண்டும்.

இரண்டாம் முறை அடிவிளிம்பை 16.2-க்கு இறக்கினேன். மேல்விளிம்பு 1.4. உயரம் 14.8, அகலம் 11.84. சட்டம் மூடியது போக விரல் நுனிக்குக் கீழே பிரிண்டில் ஒரு செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இடம் இருக்கிறது, கை நிம்மதியாகத் தொங்குகிறது. கீழே இன்னும் இறக்கவும் முடியாது, ஏனென்றால் மடித்துக் கட்டிய வேட்டியின் விளிம்பு முழங்காலில் ஒரு வெள்ளைக் கோடாக நிற்கிறது. படத்தின் ஓரம் அந்தக் கோட்டை ஒட்டி வந்தால் இரண்டு கோடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது வேட்டி எது ஓரம் என்று குழம்பும். தழையத் தழைய வேட்டி கட்டிய ஆளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாக இறக்கியிருக்கலாம்.

வெட்டும் வேலையைக் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் செய்தேன். வெட்டும் கருவியை எடுத்து, அதன் அமைப்பில் `Fixed` என்பதை டிக் செய்து, `Aspect ratio` தேர்ந்து `4:5` என்று கொடுத்தால் எப்படி இழுத்தாலும் விகிதம் மாறாது. அதற்குக் கீழேயே `Position`, `Size` கட்டங்கள் இருக்கின்றன. தாளில் அளந்ததை 250-ஆல் பெருக்கி, `Position` 520, 350 என்றும் `Size` 2960, 3700 என்றும் போட்டேன். அங்குலத்துக்கு 370 பிக்சல் வருகிறது, 8-க்கு 10-க்குத் தாராளம். கோப்பு ஏற்கெனவே நாலுக்கு ஐந்தாக இருப்பதால் லேபில் வெட்டுவதற்கு வேலையே இல்லை.

அக்காவின் சதுரத்தில் வேறு விதமாக ஏமாந்தேன். 8 அங்குலத்துக்கு அங்குலம் ஒன்றுக்கு 300 பிக்சல் வேண்டும் என்று மனதில் பதிந்திருந்தது. அப்படியானால் 2400 பிக்சல், தாளில் 9.6 செ.மீ. தலைக்கு மேல் இடம் விட்டு 1.2-இல் தொடங்கினால் 10.8-இல் முடிகிறது, சட்டம் மூடியது போக 10.5. முழங்கை 10.6-இல் இருக்கிறது. இரண்டு முழங்கைகளும் துல்லியமாக வெட்டுப்பட்டு, அப்பாரு தோளிலிருந்து இரண்டு கட்டைகளைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. ஆள் மெலிந்தவர்தான், ஆனாலும் அந்த வெட்டில் அகலமாக, கட்டையாகத் தெரிந்தார்.

இங்கிருந்து இரண்டு வழிகள். ஒன்று, கீழே இறங்கி முன்கையின் நடுவில், 12 செ.மீ. வாக்கில் முடிப்பது. தொங்கும் வலது கைக்கு அது நல்ல இடம். ஆனால் இடது கை மடங்கித் தடியைப் பிடித்திருக்கிறது, அந்தப் பிடி 12.8-இல் இருக்கிறது. 12-இல் வெட்டினால் முன்கை எதையோ நோக்கிப் போகிறது, எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியாமலே படம் முடிந்துவிடுகிறது. ஒரு கைக்குச் சரியான கோடு இன்னொரு கைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் முன்பு சொன்ன தடை இதுதான்.

அதனால் மேலே போனேன். அக்குளுக்குக் கீழே, மேல்கையில் பாதிக்குச் சற்றுக் கீழே, 9.4-இல் அடிவிளிம்பு. மேல்விளிம்பு 1.6. சதுரம் 7.8 செ.மீ., அதாவது 1950 பிக்சல். அங்குலத்துக்கு 244 தான் வருகிறது. சுவரில் மாட்டி இரண்டடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அது போதும். பிரிண்டை 300-இல் எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கூர்மையில் வித்தியாசம் என் கண்ணுக்குப் படவில்லை. வெட்டின் வித்தியாசம் வாசலில் நிற்கும்போதே தெரிந்தது. கண்கள் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன, சட்டையின் தோளும் கையும் இரண்டு பக்கமும் கீழே ஓடுகின்றன, சதுரம் நிறைந்திருக்கிறது.

மாமாவின் 7-க்கு 5 படுக்கைப் படம் என்பதால் உயரம் இன்னும் குறைவு. அடிவிளிம்பு அதே மேல்கைப் பட்டையில்தான், இன்னும் கொஞ்சம் மேலே. இங்கே முகத்தை நெருக்கமாக வைக்க ஒரு யோசனை இருந்தது. முகம் மட்டும் வரும் நெருக்கப் படங்களில் இடம் போதாவிட்டால் தலையின் உச்சியைக் கொஞ்சம் வெட்டலாம், தாடையை மட்டும் வெட்டக் கூடாது. உச்சி போனாலும் கண் அதை நிரப்பிக்கொள்ளும், தாடை போனால் முகமே பாதியாகிவிடும். அதன்படி உருமாலின் மேல் மடிப்பைக் கொஞ்சம் வெட்டிப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டார். "கண்ணு, மண்டிக்கு வர்றவங்க எல்லாம் பாக்குற எடம். உருமாலக் கத்தரிச்சா வெக்கிறது?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். முடியை வெட்டுவது வேறு, உருமாலை வெட்டுவது வேறு. ஒரு சபையில் அப்பாருவுக்கு உருமால் கட்டிவிட்டதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதை ஓரத்தில் அறுத்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். முழு உருமாலும் அதற்கு மேல் ஒரு விரல் இடமும் வரும்படி பின்வாங்கினேன். முகம் கொஞ்சம் சின்னதாயிற்று, பரவாயில்லை. பக்கவாட்டில் மிஞ்சிய இடத்தை அவர் பார்க்கிற பக்கம் விட்டேன். வாய்க்கால் தண்ணீரும் அக்கரைத் தென்னையும் அந்த இடத்தில் வந்தன. எதிர்ப்பக்கத்தில் தோளுக்கும் ஓரத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று விட வேண்டியிருந்தது. தோளின் வளைவு பக்கவிளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றால் அதுவும் ஒரு உறுத்தல். தொட்டால் நன்றாக வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக விலக்க வேண்டும்.

அதிக நேரம் எடுத்தது அத்தையின் முட்டை வடிவம். அந்தச் சட்டத்தில் உட்காரும் தாளும் 8-க்கு 10 என்பதால் சித்தப்பாவின் படத்தையே அதற்குள் வைக்கலாம் என்று நினைத்தேன். வைத்துப் பார்த்தால் கீழ்ப்பக்கம் வளைந்து உள்ளே வரும் கோடு தொங்கும் கையின் விரல்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. முட்டை வடிவத்துக்கு மூலை கிடையாது. நடுவிலிருந்து அடிக்குப் போகும் தூரத்தில் பாதி இறங்கும்வரை அகலம் பெரிதாகக் குறையாது, நூற்றுக்கு 87 பங்கு இருக்கும். முக்கால் தூரத்தில் 66 பங்குதான். உடலின் நடுவில் இருக்கும் முகமும் மார்பும் தப்பிக்கும், பக்கத்தில் தொங்கும் முழங்கையும் கையும் தப்பிக்காது. அதனால் முட்டை வடிவத்தில் தோளுக்கும் மேல்கைக்கும் கீழே எதையும் கொண்டுவர ஆசைப்படக் கூடாது.

கிம்ப்பில் `Ellipse Select` கருவியை எடுத்து, அத்தையின் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் திறப்பு ஏழரைக்கு ஒன்பதரை என்பதால் விகிதத்தை `7.5:9.5` என்று பூட்டினேன். இங்கே ஒரே கோடாக 'அடிவிளிம்பு' என்று எதுவும் இல்லை. வளைவு வலது மேல்கையில் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, இடது மேல்கையில் எங்கே என்று இரண்டு இடம் பார்க்க வேண்டும். சின்னதாக வைத்தால் வளைவு தோளின் வளைவோடு ஒட்டிக்கொண்டு ஓடி, தோள் சரிந்த மாதிரி ஆக்கிவிட்டது. பெரிதாக வைத்தால் முழங்கைக்கு வந்துவிட்டது. கடைசியில் அக்குள் உயரத்தில் நுழைந்து, மேல்கையின் பாதிக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி வெளியேறும்படி நின்றேன். இரண்டு பக்கமும் வெட்டு ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கிறது. அப்பாரு லேசாகத் திரும்பி நிற்பதால் துல்லியமாக ஒன்றாக வராது, வரவும் தேவையில்லை.

வாட்ஸப் முகப்புப் படத்துக்கும் இதே முட்டைக் கணக்குதான், வட்டமாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் இறுக்கம். அதைப் பிள்ளைகளே செய்துகொண்டார்கள்.

இந்த ஐந்தும் முடிந்த பிறகு அத்தை தன் படம் ஒன்றையும் கொடுத்து 'ஆஃப் சைஸ்' கேட்டார். பட்டுப்புடவை கட்டி நிற்கும் படம். புடவையில் முழங்கால் எங்கே என்றே தெரியாது, அதனால் அங்கே ஓரம் விழுந்தாலும் வேட்டியில் போல உறுத்தாது. அங்கே கவனிக்க வேண்டியது அகலம். கொசுவம் விரிந்து இடுப்புக்குக் கீழே உடல் மிக அகலமாக இருக்கும் இடத்தில் ஓரத்தை வைத்தால், கண் அந்த அகலத்தையே கீழ்வரைக்கும் நீட்டிக்கொள்கிறது, ஆள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறார். மணிக்கட்டும் அதே உயரத்தில்தான் வருகிறது. மார்பின் குறுக்கே வெட்டுவதும் இதே காரணத்தால் நன்றாக இருக்காது. நான் மார்புக்குக் கீழே, இடுப்பின் ஒடுக்கத்துக்குச் சற்று மேலே முடித்தேன். அத்தை இரண்டு கையையும் முன்னால் கோத்திருந்ததால் முழங்கை பக்கவாட்டில் விலகி நின்றது, அதைப் பக்கவிளிம்பு மேல்கையிலேயே தாராளமாக வெட்டிவிட்டது.

கடைசியாக ஆத்தாவும் அப்பாருவும் சேர்ந்திருக்கும் படம். ஆத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அப்பாரு பக்கத்தில் நிற்கிறார். அப்பாருவுக்குப் பழகிய தொடைக் கோட்டைப் போட்டேன், அது நேராக ஆத்தாவின் மடியில் கோத்து வைத்த கைகளின் மணிக்கட்டில் போய் விழுந்தது. மேலே ஏற்றினால் அப்பாருவின் முழங்கை. மறுபடியும் ஏ4 தாள் எடுத்து இரண்டு பேருக்கும் தனித்தனி நிறத்தில் கோடு போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தவரின் முழங்காலும் பக்கத்தில் நிற்பவரின் முழங்காலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வருகின்றன. அப்படியானால் அதற்குக் கீழே, கெண்டைக்கால் பாதியில் இரண்டு பேருக்கும் பொதுவான பச்சைப் பட்டை ஒன்று இருக்கிறது. இடுப்புக்குக் கீழே வேறு எங்கேயும் இல்லை. அந்த ஒரே இடத்தில் ஓரத்தை வைத்து, 8-க்கு 10-இல் உள்விளிம்புக்கு ஒதுக்கியது போக அளந்து வெட்டினேன்.

சட்டம் போட்டு வந்ததும் ஆத்தா கண்ணாடியைத் துடைத்துவிட்டு முதலில் தன் கையைத்தான் பார்த்தார். வளையல் நாலும் தெரிகிறதா என்று எண்ணிவிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னார்.